கீரை வெந்தால் சுருங்குகிறது: 25 பேருக்கு எத்தனை கிலோ வாங்குவது?

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை புரட்டாசி விரதச் சாப்பாட்டுக்கு உறவினர்கள் 12 பேரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். செந்தூல் சந்தையில் 1 கிலோ கீரை வாங்கினேன். ஆய்ந்து, அலசி, வடிகட்டியில் குவித்து வைத்தபோது அது சிறு குன்று போல் நின்றது. அரைக் கிலோ போதுமாக இருந்திருக்கும், வீணாக வாங்கிவிட்டேன் என்றுகூட எண்ணினேன். வாணலியில் ஏற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சைக் களிம்பு போன்ற ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இலைக்கு ஒரு தேக்கரண்டி வைத்துச் சமாளித்தேன். போதாததற்கு அதில் உப்பும் கூடிப்போயிருந்தது. என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வரும் மூன்றாம் சனிக்கிழமைக்கு 25 பேர் வருகிறார்கள். கீரை ஒன்றும், உருளைக்கிழங்குடன் வெந்தயக்கீரை ஒன்றும் செய்வதாக இருக்கிறேன். வெந்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும்படி பரிமாற வேண்டுமென்றால், பச்சையாக எத்தனை கிலோ வாங்க வேண்டும்? கட்டுக் கணக்கில் சொன்னால் எனக்கு உதவாது, ஏனெனில் இங்கே ஒரு கடையின் கட்டு இன்னொரு கடையில் இரண்டு கட்டாக இருக்கிறது.

கப்புக்கணக்கர் எழுதியது:

இதற்கு எளிய விதி ஒன்று இருக்கிறது. உணவு வழிகாட்டிகளில் ஒரு பரிமாறல் என்பது பச்சையாக ஒரு கப் அல்லது வெந்ததாக அரைக் கப் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆகவே, கீரை வெந்தால் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 25 பேருக்கு அரைக் கப் வீதம் பன்னிரண்டரைக் கப் வேண்டுமென்றால், பச்சையாக 25 கப் வாங்கினால் போதும். கீரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. அது ஆவியாகிப் போவதால்தான் இலை சுருங்குகிறது. தங்கள் வாணலியில் தீ அதிகமாக இருந்து, நீர் முழுவதும் வற்றிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தீயைக் குறைத்து மூடி போட்டு வேகவைத்துப் பாருங்கள்.

மலர்விழி_செராஸ் எழுதியது:

கீரையை அதிகம் சுருங்கும்வரை வேகவைத்தால் அதன் சத்தெல்லாம் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே பாதி வேக்காட்டில் இறக்குவதே நல்லது என்பது என் கருத்து. நான் பிள்ளைகளுக்குக் கீரையைச் சாறாக அரைத்துத்தான் கொடுக்கிறேன்.

செந்தூல்வாசி எழுதியது:

நன்றி சகோதரி, ஆனால் என் கேள்வி சத்தைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. சாறு கொடுத்தால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அன்னக்கரண்டி எழுதியது:

அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். தாங்கள் வாங்கியது எந்தக் கீரை? நம் ஊரில் ‘பாயாம்’ என்று கேட்டால் தண்டுக்கீரை வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கேமரன் மலையிலிருந்து வருகிற, வேர்முடிச்சு இளஞ்சிவப்பாக இருக்கிற, இலை தடித்து வழவழப்பாக உள்ள ஸ்பினச் வேறு. அதையே சிலர் பாலக் என்றும் பசலை என்றும் எழுதுவார்கள். ஆனால் நம் வீட்டு வேலியில் கொடியாக ஏறுகிற பசலை அதுவன்று. மூன்றும் மூன்று விதமாகச் சுருங்கும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில் மடைப்பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் கரண்டி பிடித்தவன். ‘கீரை எவ்வளவு’ என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்.

செந்தூல்வாசி எழுதியது:

ஐயா, வேர்முடிச்சு சிவப்பாக இருந்தது, இலை வழவழப்பாக இருந்தது. ஆகவே அது தாங்கள் சொல்லும் கேமரன் மலைக் கீரைதான். அடுத்த முறையும் அதையே வாங்குவதாக இருக்கிறேன்.

அன்னக்கரண்டி எழுதியது:

நல்லது. அப்படியானால் கணக்கைச் சொல்கிறேன். கப்புக்கணக்கர் தம்பி வருத்தப்படக் கூடாது. தாங்கள் சொன்ன ‘ஒரு கப், அரைக் கப்’ என்பது கீரை எவ்வளவு சுருங்கும் என்று சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. ஒருவர் பச்சையாக உண்ணும்போது எவ்வளவை ஒரு பங்காகக் கணக்கிடலாம், வேகவைத்து உண்ணும்போது எவ்வளவைக் கணக்கிடலாம் என்று சொல்வதற்காக எழுதப்பட்டது. அந்த ஒரு கப் பச்சைக் கீரையை எடுத்து வேகவைத்தால் அரைக் கப் வராது; இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். அமெரிக்க வழிகாட்டியிலும் இரண்டு கப் பச்சைக் கீரையை ஒரு கப் காய்கறியாகக் கணக்கிடச் சொல்கிறார்கள். அதையும் பலர் சுருக்கக் கணக்காக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

ஒரு கப் பச்சை ஸ்பினச், அழுத்தாமல் போட்டால், சுமார் 30 கிராம்தான் இருக்கும். வெந்து வடித்த ஸ்பினச் ஒரு கப்புக்குச் சுமார் 180 கிராம் இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் இவ்விரண்டு எடைகளையும் பார்க்கலாம். என் சமையல் கட்டிலும் ஏறக்குறைய இதுதான் வருகிறது. அதாவது, ஒரு கிராம் நீர்கூட வெளியேறாவிட்டாலும், இலை மடங்கி அமுங்கியதனாலேயே ஆறு கப் ஒரு கப்பாகிவிடுகிறது. அதன் பிறகு பிழிந்தோ வதக்கியோ நீரை வெளியேற்றினால் எடையும் குறையும். நான் பொரியலாக வதக்கும்போது, ஆய்ந்த கீரையின் எடை நூற்றுக்கு அறுபதாகக் குறைகிறது. ஆறு கப் சுருக்கமும், எடையில் அறுபது பங்கும் சேர்ந்தால், பத்துக் கப் ஒரு கப்பாகும். ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் எட்டு என்பார், மற்றொருவர் பத்து என்பார். எல்லாரும் சரிதான், ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் அடுப்பை அணைக்கிறார்கள், அவ்வளவே.

ஆகவே கடையில் கப்பைக் கொண்டு கணக்கிடாதீர்கள், எடையைக் கொண்டு கணக்கிடுங்கள். வேரும், அடித்தண்டும், மஞ்சள் இலையும் கழித்தால் கட்டோடு வாங்கிய 1 கிலோவில் 700 முதல் 750 கிராம் வரைதான் அடுப்புக்குப் போகும்; நான் 720 என்று வைத்துக்கொள்கிறேன். அதை வதக்கினால் 430 கிராம். தாங்கள் அதை 12 பேருக்குப் பங்கிட்டீர்கள், ஆளுக்கு 36 கிராம், அதாவது ஒரு கப்பில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கள் மாமியார் முன் நின்ற தேக்கரண்டியின் வரலாறு இதுதான்.

கப்புக்கணக்கர் எழுதியது:

வழிகாட்டி பற்றித் தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நீர் ஆவியாவதால் சுருங்கவில்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நீர் போகாமல் எப்படிச் சுருங்கும்? காற்றுப் போன பலூன் சுருங்குகிறதென்றால் காற்றுப் போயிருக்கிறது என்றுதானே பொருள்?

ஜார்ஜ்டவுன்_தொட்டித்தோட்டம் எழுதியது:

நண்பரே, தாங்கள் சொன்ன பலூனே விடையைச் சொல்கிறது. கீரையில் முதலில் போவது காற்றுதான். இலையின் உள்ளே உயிரணுக்களுக்கு இடையே காற்றிடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் உயிரணுவும் உள்ளே நீர் நிறைந்து விறைப்பாக நிற்பதால்தான் இலை விரிந்து நிற்கிறது. வெப்பம் ஏறியதும் உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு பழுதாகி, அந்த விறைப்புத் தளர்ந்துவிடுகிறது. இலை தொய்ந்து ஒன்றன்மீது ஒன்றாகப் படிகிறது, இடையிலிருந்த காற்று வெளியேறுகிறது. நீர் அப்போதும் இலையிலும் பாத்திரத்திலும்தான் இருக்கிறது. பினாங்கில் மதிய வெயிலில் என் மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் வெந்தயக்கீரை தலைகவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கிறேன். மாலையில் நீர் ஊற்றினால் எழுந்து நிற்கிறது, ஏனெனில் அங்கே சவ்வு கெடவில்லை. அடுப்பில் விழுந்தது எழுந்திருக்காது.

தங்களிடம் தராசு இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். 200 கிராம் கீரையைப் பாத்திரத்தோடு நிறுத்து, மூடி, இரண்டே நிமிடம் சூடாக்கி, மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.

நடைப்பயிற்சி_கெப்போங் எழுதியது:

இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் திக்கென்றது. எனக்கு ஐந்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. மருத்துவமனையில் உணவியலாளர் கொடுத்த தாளில் ஒவ்வொரு வேளையும் தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்றும், ஒரு பரிமாறல் ‘பச்சைக்கீரை 1 கப்’ என்றும் எழுதியிருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் இரண்டு கப் பச்சைக் கீரையை அளந்து, அதை வேகவைத்து உண்டு, இரண்டு பரிமாறல் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அன்னக்கரண்டி ஐயாவின் கணக்குப்படி, அது 60 கிராம் கீரை. வதக்கினால் 36 கிராம் ஆகிறது. நான் இத்தனை நாளும் உண்டது அரைப் பரிமாறல்கூட இல்லை என்றாகிறதே?

அன்னக்கரண்டி எழுதியது:

தம்பி, நான் சமையல்காரன். மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் தாளை உற்றுப் பாருங்கள்: ‘பச்சைக்கீரை 1 கப்’ என்பது பச்சையாக உண்ணும் கீரைக்கு, உலாம் போல, சாலட் போல உண்பதற்கு எழுதப்பட்டிருக்கலாம். வேகவைத்து உண்பவருக்கு வெந்த அளவைத்தான் அளக்க வேண்டும், அதுவும் சமைத்த பிறகு. தட்டில் பாதி நிரம்ப வேண்டுமென்றால், இரண்டு கப் பச்சைக் கீரை தட்டின் ஒரு மூலையைத்தான் மறைக்கும். எந்த அளவை எண்ணச் சொன்னார் என்று அடுத்த சந்திப்பில் உணவியலாளரிடமே கேளுங்கள்.

நடைப்பயிற்சி_கெப்போங் எழுதியது:

கேட்கிறேன். அதுவரைக்கும் வெந்த பிறகு அளக்கிறேன். கீரைச் செலவு மூன்று மடங்காகப் போகிறதோ என்ற கவலைதான் மிச்சம்.

கப்புக்கணக்கர் எழுதியது:

தொட்டித்தோட்டம் நண்பர் சொன்னபடி இன்றிரவு செய்து பார்த்தேன். அலசி நன்றாக வடித்த 200 கிராம் ஸ்பினச்சை ஆழமான பாத்திரத்தில் போட்டேன். விளிம்புக்கு மேல் குவிந்து நின்றதால் மூடியே சரியாக உட்காரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் இலை பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் தடிப்பளவுக்குப் படிந்திருந்தது. பாத்திரத்தின் எடையைக் கழித்து நிறுத்தால் 194 கிராம். ஆறு கிராம்தான் போயிருக்கிறது. அதன் பிறகு மூடியில்லாமல் எட்டு நிமிடம் கிளறினேன். அடியில் நின்ற நீர் முழுவதும் வற்றியபோது 118 கிராம் இருந்தது. அது நூற்றுக்கு ஐம்பத்தொன்பது. ஐயா சொன்ன அறுபது அங்கே வந்து நிற்கிறது.

ஆகவே உருவம் சுருங்குவது ஒரு நிகழ்ச்சி, எடை குறைவது அதற்குப் பின்னால் வரும் வேறொரு நிகழ்ச்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: நீரும் கடைசியில் ஆவியாகத்தான் செய்கிறது. நான் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை.

அன்னக்கரண்டி எழுதியது:

முற்றிலும் தவறில்லை, பாதி. செய்து பார்த்துவிட்டு எழுதினீர்களே, அதற்கே தங்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைக்கலாம்.

செந்தூல்வாசி அம்மாவுக்கு இப்போது 25 பேருக்கான கணக்கு. முதலில் சாப்பாட்டின் தன்மையைத் தீர்மானியுங்கள். ஒருவருக்கு அரைக் கப் பொரியல் வேண்டுமென்றால் அது 90 கிராம்; 25 பேருக்கு 2,250 கிராம். அதை 0.6ஆல் வகுத்தால் ஆய்ந்த கீரை 3,750 கிராம், அதையும் 0.72ஆல் வகுத்தால், கடையில் வாங்க வேண்டியது ஐந்தேகால் கிலோ. இந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். வாழையிலையில் வேறு மூன்று கறிகளும் வரும்போது யாரும் அரைக் கப் கீரை உண்ண மாட்டார்கள். 50 கிராம், அதாவது சிறு கரண்டி ஒன்று போதும். அதற்கு மூன்று கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். ஆனால் நான் தங்கள் இடத்தில் இருந்தால் பொரியலே செய்ய மாட்டேன், கூட்டுச் செய்வேன். ஆளுக்கு 30 கிராம் வீதம் 750 கிராம் பாசிப்பருப்பும், ஆளுக்கு 60 கிராம் வீதம் ஒன்றரைக் கிலோ ஆய்ந்த கீரையும் போதும். கீரையின் நீரைப் பருப்பு ஏந்திக்கொள்வதால் அதை வற்றவைக்க வேண்டியதே இல்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய எடை பாத்திரத்திலேயே நிற்கும். கட்டோடு வாங்கினால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள்.

உப்புக் கூடியதற்கும் காரணம் இந்தச் சுருக்கமே. குவிந்து கிடந்த கீரையின் தோற்றத்தைப் பார்த்து உப்புப் போட்டிருப்பீர்கள். கீரை பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, உப்பு சுருங்குவதில்லை. கீரை முழுவதும் படிந்த பிறகு, படிந்த அளவைப் பார்த்து உப்புப் போடுங்கள். ஒன்றரைக் கிலோ ஆய்ந்த கீரை பச்சையாக ஐம்பது கப், பன்னிரண்டு லிட்டர் பாத்திரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதை ஒரே தடவையில் கொட்ட முயலாமல், ஒரு பிடி படிந்ததும் அடுத்த பிடி என்று போடுங்கள்.

இன்னொன்று. நிறுப்பதாக இருந்தால் அலசுவதற்கு முன்பே நிறுத்துவிடுங்கள். அலசிய கீரையில் ஒட்டியிருக்கும் நீரே எடையைக் கூட்டிவிடும். சந்தையில் நீர் தெளித்து வைத்திருக்கும் கட்டை எடுத்தால், ஒரு முறை நன்றாக உதறிவிட்டுத் தராசில் வையுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

செந்தூல்வாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கூட்டே செய்கிறேன். வெந்தயக்கீரைக்கும் இதே கணக்குத்தானா? அதுவும் ஸ்பினச் போல 0.72 என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஜார்ஜ்டவுன்_தொட்டித்தோட்டம் எழுதியது:

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கேதான் பலரும் இரண்டாவது முறை ஏமாறுகிறார்கள். வெந்தயக்கீரையில் அடுப்புக்குப் போவதற்கு முன்பே பெரிய இழப்பு நேர்ந்துவிடுகிறது. லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஒரு கட்டைச் சென்ற வாரம் நிறுத்தேன்: வேரோடும் ஈர மண்ணோடும் 210 கிராம் இருந்தது. இலையையும் நுனிக்கொழுந்தையும் மட்டும் கிள்ளி எடுத்தபோது 95 கிராம் கிடைத்தது. பாதிகூட இல்லை, நூற்றுக்கு நாற்பத்தைந்து. அதற்கு அந்த ஆய்வு வேலையில் அரை மணி நேரம் போயிற்று என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் அடுப்பில் அது ஸ்பினச் அளவுக்கு எடை இழப்பதில்லை. ஸ்பினச்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு பங்கு நீர் இருந்தால், வெந்தயக்கீரையில் ஏறக்குறைய எண்பத்தாறு பங்குதான் இருக்கிறது. நீர் அல்லாத பொருள் கூடுதலாக இருப்பதால், எண்ணெயில் வதக்கும்போது களிம்பாகிவிடாமல் உதிரியாகவே நிற்கிறது. என் கணக்கில் 95 கிராம் இலை வதங்கி 62 கிராம் ஆயிற்று. உப்பிட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்து கசப்பை எடுக்கும் வழக்கம் தங்களுக்கு இருந்தால், அந்தப் பிழிதலிலேயே இன்னும் ஒரு பங்கு போய்விடும். அப்போது மேலும் வாங்க வேண்டும்.

அன்னக்கரண்டி எழுதியது:

நண்பரின் நாற்பத்தைந்தை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர் தண்டு முழுவதையும் எறிந்துவிடுகிறார் போலும். இளங்கட்டாக இருந்தால் தண்டில் பாதிக்கு மேல் சேர்க்கலாம். கட்டைவிரல் நகத்தை வைத்து ஒடித்துப் பாருங்கள்: சட்டென்று ஒடிந்தால் பொடியாக நறுக்கிச் சேர்த்துவிடலாம், ஒடியாமல் வளைந்து நார் இழுத்தால் எறிய வேண்டியதுதான். இந்த முறையில் எனக்கு நூற்றுக்கு அறுபத்தைந்து வரைக்கும் கிடைக்கும்.

உருளைக்கிழங்குடன் செய்யும்போது வெந்தயக்கீரையைப் பங்காக அளந்து வைப்பதில்லை, அது மணமும் கசப்பும் கொடுக்கவே போகிறது. ஆளுக்கு 100 கிராம் கிழங்குக்கு ஆய்ந்த கீரை 25 கிராம் போதும். 25 பேருக்கு இரண்டரைக் கிலோ கிழங்கும் 625 கிராம் ஆய்ந்த கீரையும் ஆகும். என் கணக்கில் ஒரு கிலோ கட்டு வாங்கினால் கிடைத்துவிடும்.

ஜார்ஜ்டவுன்_தொட்டித்தோட்டம் எழுதியது:

என் கணக்கில் 1 கிலோ 400 கிராம் வேண்டும். ஐயா, மண்டபத்தில் ஆய்வதற்கு ஆறு கைகள் இருந்தன. ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்க்க நேரம் இருந்தது. வீட்டில் ஒருவர் தனியாக ஆய்ந்தால் பாதித் தண்டை யோசிக்காமல் எறிந்துவிடுவார். அதோடு, தண்டு சேர்த்தால் என் வீட்டில் கறியில் நார் தட்டுப்படுகிறது என்று முகம் சுளிக்கிறார்கள். இங்கே கிடைக்கும் கட்டுகள் பெரும்பாலும் பூவுக்கு முந்தைய முற்றிய பருவத்தில்தான் வருகின்றன.

அன்னக்கரண்டி எழுதியது:

முற்றியிருந்தால் தங்கள் எண்தான் சரி. எனக்கு விடியற்காலையில் மொத்தச் சந்தையிலிருந்து இளங்கட்டாக வரும்.

மலர்விழி_செராஸ் எழுதியது:

உறைய வைத்த கீரை வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே? பேரங்காடியில் கட்டியாகக் கிடைக்கிறதே?

கப்புக்கணக்கர் எழுதியது:

நானும் அதையே கேட்க நினைத்தேன். உறைய வைத்த கீரை முன்பே கொதிநீரில் போட்டெடுக்கப்பட்டது, ஆகவே உருவச் சுருக்கம் முடிந்துவிட்டது. அந்தக் கட்டியை வெந்த எடைக்கு அருகில் வைத்துக் கணக்கிடலாம், ஆனால் உருகும்போது நீர் விடும், பிழிந்தால் எடை குறையும். இதைத்தான் பச்சைக் கீரையின் இடத்தில் கிராமுக்குக் கிராம் மாற்றிப் போட்டு, சென்ற ஆண்டு நான் ஒரு பெரிய பாத்திரம் கூட்டை நான்கு நாள் உண்டேன்.

செந்தூல்வாசி எழுதியது:

சனிக்கிழமை முடிந்துவிட்டது, எடைகளை எழுதுகிறேன். ஸ்பினச் கட்டோடு 2 கிலோ 200 கிராம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை மாலையே வாங்கிவிட்டதால் ஓர இலைகள் சற்று மஞ்சளாகிவிட்டன. ஆய்ந்த பிறகு 1 கிலோ 540 கிராம் நின்றது, அதாவது நூற்றுக்கு எழுபது. பருப்பு பாதி வெந்ததும் நான்கு தவணையாகக் கீரையைச் சேர்த்தேன். மூன்றாம் பிடி படிந்ததும், பழைய பழக்கத்தில் உப்பு டப்பாவை எடுத்துவிட்டேன். ஐயாவின் சொல் நினைவுக்கு வந்து கீழே வைத்தேன். கடைசிப் பிடியும் படிந்த பிறகு பார்த்தால், பாத்திரத்தின் உள்விளிம்பில் முதல் பிடி தொட்டு நின்ற பச்சைக் கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது. அந்த மட்டத்தைப் பார்த்துத்தான் உப்புப் போட்டேன். 25 பேரில் மூவர் வரவில்லை, இருவர் கூடுதலாக வந்தார்கள். எல்லாருக்கும் வைத்த பிறகு பாத்திரத்தில் ஒன்றரைக் கரண்டிக் கூட்டு மிஞ்சியது.

வெந்தயக்கீரையில் இரு தரப்பையும் நம்பாமல் 1 கிலோ 200 கிராம் வாங்கினேன். முற்றிய கட்டும் இளங்கட்டும் கலந்திருந்தன. ஒடித்துப் பார்த்து, ஒடிந்ததைச் சேர்த்து, வளைந்ததை எறிந்து முடித்தபோது 610 கிராம் கிடைத்தது, நூற்றுக்கு ஐம்பத்தொன்று. ஆகவே இருவர் எண்களுக்கும் நடுவே நின்றுவிட்டேன். என் கொழுந்தன் ஒரு நாரை இழுத்து இலையோரத்தில் வைத்தான். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை மாமியாரும் சொல்லவில்லை, ஆனால் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அன்னக்கரண்டி எழுதியது:

ஒன்றரைக் கரண்டி மிச்சம் என்பது 25 பேர் பந்திக்கு நல்ல கணக்கு. தண்டை எவ்வளவு பொடியாக நறுக்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நார் தண்டின் முற்றலால் வந்ததா, கத்தியால் வந்ததா என்று அறிய வேண்டியிருக்கிறது.

செந்தூல்வாசி எழுதியது:

அரை விரல் நீளம் ஐயா.

ஜார்ஜ்டவுன்_தொட்டித்தோட்டம் எழுதியது:

அப்படியானால் கத்தி. ஆனாலும் என் நாற்பத்தைந்தை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.